வரவேற்பு மெயில்: ஒன்றுக்கு ஒரே வேலை

மரச்செக்கு எண்ணெய் விற்கிறேன். முதல் ஆர்டர் போட்டவர்களுக்கு நான்கு மெயில் போகிறது, யாரும் எதையும் சொடுக்குவதில்லை. எங்கிருந்து திருத்துவது அண்ணா?

நீங்கள் அனுப்பிய முதல் மெயிலைப் படித்தேன். நன்றி, தாத்தா காலத்துச் செக்கின் கதை, 10 சதவீதக் கூப்பன், இன்ஸ்டாகிராம் பக்கம், முறுக்கு செய்முறை, கடைசியில் விமர்சனம் எழுதச் சொல்லி ஒரு வேண்டுகோள். எண்ணெய் இன்னும் கூரியர்காரரிடம் இருக்கிறது, அதற்குள் எப்படி இருந்தது என்று கேட்கிறீர்கள்!

நான்கு மெயிலிலும் நீங்கள் கேட்பதையும் சொல்வதையும் ஒரு தாளில் வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, வாங்கியவருக்கு அது எந்த நாளில் தேவைப்படும் என்று குறியுங்கள். நாளே வராதவற்றை அடித்துவிடலாம். தாத்தா கதை அப்படித்தான் போகும். அது தளத்தில் இருக்கட்டும். மிஞ்சும் ஒவ்வொரு மெயிலுக்கும் "இதைப் படித்தவர் இன்னது செய்வார்" என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். அதில் இரண்டு வேலை வந்தால் அது இரண்டு மெயில்.

உங்களுக்கு மூன்றே மிஞ்சும் என்று நினைக்கிறேன். எண்ணெய் கைக்குப் போன அன்று ஒன்று, பத்து நாள் கழித்து விமர்சனம் கேட்டு ஒன்று, பாட்டில் தீரும் சமயத்தில் மறு ஆர்டருக்கு ஒன்று.

முதலாவதுதான் முக்கியம். உங்களுக்கு வரும் போன்களில் பாதி "அடியில் வண்டல் இருக்கிறது, பொரிக்கும்போது நுரைக்கிறது, கெட்டுப்போச்சா?" என்பதுதான் என்றீர்கள். அப்படியானால் அந்த மெயிலின் ஒரே வேலை அந்த போனைத் தவிர்ப்பது. தலைப்பே "அடியில் படிந்திருப்பது அழுக்கல்ல" என்று இருக்கட்டும். வடிகட்டாத செக்கு எண்ணெயில் வண்டல் தங்கும், பாட்டிலைக் குலுக்காமல் ஊற்றுங்கள், பொரிக்கும்போது நுரை எழும், அதனால் வாணலியை நிரப்பாதீர்கள். அவ்வளவுதான். பொத்தானே வேண்டாம். சொடுக்கை எண்ணாமல், அந்த மாதம் வந்த போன்களை எண்ணுங்கள்.

ஒரு மெயிலில் ஒரே லிங்க் வைத்தால் போதும், அதுதானே ஒரே நோக்கம்? நான் அப்படி மாற்றியதும் ஓப்பன் ரேட் ஏறியது.

பாதி சரி. லிங்க் குறைந்தால் கவனம் சிதறாது. ஆனால் ஒரே லிங்க்குக்கு மேலே மூன்று விஷயங்களைப் பேசினால் மூன்று நோக்கம்தான். ஒரே பக்கத்துக்கான லிங்க் மேலும் கீழும் இரண்டு முறை வந்தால் தப்பில்லை. விலகும் லிங்க் எப்படியும் இருந்தாக வேண்டும்.

ஓப்பன் ரேட் கதை வேறு. மெயிலைத் திறந்த பிறகுதானே உள்ளே எத்தனை லிங்க் என்று தெரியும்? நீங்கள் அதே சமயம் தலைப்பையும் மாற்றியிருப்பீர்கள். இன்னொன்று, 2021 செப்டம்பரில் ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த தனியுரிமை வசதி படங்களை முன்கூட்டியே இறக்கிவிடும். படம் இறங்கியதை வைத்துத்தான் மெயில் திறந்தது என்று எண்ணுகிறார்கள் என்பதால், ஆள் பார்க்காமலே திறந்ததாகக் கணக்கில் ஏறும். அந்த எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

வரவேற்பு மெயில் என்றால் ஆர்டர் ரசீதுதானே சார்? நான் எல்லாவற்றையும் அதிலேயே போட்டுவிடுகிறேன்.

இல்லை, இது வேறு. ரசீதைத் தேடுபவருக்கு ஆர்டர் எண், தொகை, வந்து சேரும் நாள் போதும். விளம்பர மெயிலிலிருந்து விலகியவருக்கும் ரசீது போகும். அதில் கூப்பனைச் செருகினால் வேண்டாம் என்றவருக்கே விளம்பரம் போகிறது. ஸ்பேம் என்று அவர் அழுத்தினால் உங்கள் மற்ற ரசீதுகளும் தடுமாறலாம்.

ஆன்லைனில் வீணை வகுப்பு நடத்துகிறேன். முதல் வகுப்புக்கே வராதவருக்கும் "முதல் வகுப்பு எப்படி இருந்தது?" என்று மூன்றாம் நாள் மெயில் போய்விடுகிறது. திட்டு விழுகிறது.

நாள் கணக்கை விட்டுவிட்டு, நடந்ததைப் பார்த்து அனுப்புங்கள் மேடம். வகுப்புக்கு வந்தவருக்கு அந்தக் கேள்வி. வராதவருக்கு அடுத்த நேரத்தைத் தேர்வு செய்ய மட்டும் ஒரு மெயில். ஒரே வேலை என்று வைத்துக்கொண்டால் இதில் ஒரு வசதி: வேலை முடிந்துவிட்டால் மெயிலும் வேண்டாம். எண்ணெய்க்காரரும் கவனிக்க வேண்டியது இது. 25-ஆம் நாள் மறு ஆர்டர் மெயில் வைத்து, ஒருவர் 20-ஆம் நாளே வாங்கிவிட்டால், அவர் தொடரை விட்டு வெளியேற வேண்டும். இந்த நிபந்தனையைப் பலர் மறக்கிறார்கள். நீங்களே வேறு முகவரியில் பதிந்து, வகுப்புக்கு வராமல் இருந்து பாருங்கள்.

அப்போ கூப்பன் எதில் வரணும்?

மறு ஆர்டர் மெயிலில் வைப்பேன். ஆனால் எப்படியும் வாங்கப்போகிறவருக்கும் 10 சதவீதம் போகுமே என்ற கேள்வி எனக்கும் உண்டு. பாதிப்பேருக்குக் கூப்பனோடும் பாதிப்பேருக்கு இல்லாமலும் இரண்டு மாதம் அனுப்பி, இரண்டாவது ஆர்டர்களை எண்ணலாம். மாதம் அறுபது புது வாடிக்கையாளர் என்றால் நாலைந்து பேர் வித்தியாசம் தற்செயலாகவும் வரும்; அதை வைத்து நான் சத்தியம் பண்ண மாட்டேன்.