விடால் பாசிட்டிவ், ஊசியும் போட்டாச்சு, காய்ச்சல் மட்டும் விடவில்லை

“ஐயா, அம்மாவுக்கு 54 வயது. அம்பாசமுத்திரம் பக்கம், மாடு வச்சிருக்கோம். இன்னையோட எட்டு நாளா காய்ச்சல், விடவே மாட்டேங்கு. மூணாவது நாளே லேப்ல விடால் டெஸ்ட் பார்த்து டைஃபாய்டுன்னாங்க, அதுல ரெண்டு அளவும் 1:160. நாலு நாளா செஃப்ட்ரியாக்சோன் ஊசி போடுதாங்க. வேற என்ன டெஸ்ட் எடுக்கணும்?”

டெஸ்டுக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இன்றைக்கே நல்ல வெளிச்சத்தில், வீட்டுப் பெண்கள் யாராவது அம்மாவின் உடம்பைத் தலை முதல் கால் வரை பார்க்கட்டும். அக்குள், மார்புக்குக் கீழ் மடிப்பு, தொடையிடுக்கு, பாவாடை நாடா இறுகும் இடுப்பு, முதுகு. தேட வேண்டியது, சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவந்த விளிம்பு. வலிக்காது, அரிக்காது. அதனால் நோயாளி தானாகச் சொல்லவே மாட்டார். வியர்வை தங்கும் மடிப்புகளில் கறுப்பு இல்லாமல் வெறும் ஈரப்புண்ணாகவும் இருக்கும். அது ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலின் அடையாளம். புல், புதர்களில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிக்குஞ்சு கடித்து வருவது. புல்லறுக்கப் போகிறவர்களுக்கு வர வாய்ப்பு அதிகம். புண் இல்லை என்பதால் மட்டும் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

களக்காடு பக்கத்திலிருந்து ஒரு அம்மா ஒன்பதாவது நாள் என்னிடம் வந்தார். கையில் விடால் ரிப்போர்ட், ஐந்து நாள் செஃப்ட்ரியாக்சோன். பிளேட்லெட் 82,000, ஈரல் என்சைம்கள் மூன்று மடங்கு. படுக்கும்போது லேசாக மூச்சு வாங்கியது. திருப்பிப் படுக்க வைத்துப் பார்த்தால் பின்னிடுப்பில், நாடாத் தழும்புக்குச் சற்று மேலே, மிளகை விடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பொருக்கு. அன்றிரவே ஸ்க்ரப் டைஃபஸுக்கான மருந்து டாக்ஸிசைக்ளின் தொடங்கினோம். இரண்டாம் நாள் மாலையில் காய்ச்சல் இறங்கியது. ஸ்க்ரப் டைஃபஸுக்கான ரத்தப் பரிசோதனையான ஸ்க்ரப் ஐஜிஎம் பாசிட்டிவ் என்ற ரிப்போர்ட் அதற்குப் பிறகுதான் கைக்கு வந்தது. டைஃபாய்டுக்கு நல்ல மருந்தான செஃப்ட்ரியாக்சோன் இந்தக் கிருமியிடம் வேலை செய்யாது. ஐந்து நாள் வீணானது அந்த ஒரு விடால் ரிப்போர்ட்டால்தான்.

விடால் 1896-இல் வந்த பரிசோதனை. அது கிருமியைத் தேடுவதில்லை. கிருமியை எதிர்க்க உடம்பு செய்த எதிர்ப்புப் பொருளைத் தேடுகிறது. 1:160 என்றால், ரத்தநீரை 160 மடங்கு நீர்க்க வைத்த பிறகும் லேபில் இருக்கும் செத்த டைஃபாய்டு கிருமிகள் அதில் திரள்கின்றன என்று அர்த்தம். அந்த எதிர்ப்பு எப்போது உண்டானது என்று அது சொல்லாது. என்றைக்கோ வந்துபோன டைஃபாய்டாக இருக்கலாம். டைஃபாய்டின் உறவுக்காரக் கிருமிகளாக இருக்கலாம். வேறொரு காய்ச்சல் வந்து பழைய எதிர்ப்பைத் தட்டி எழுப்பியிருக்கலாம். டைஃபாய்டு புழங்கும் ஊர்களில் நல்ல உடம்புக்காரர்களிடமே இது ஓரளவு தெரியும். இன்னொன்று கவனியுங்கள்: புதிதாக வந்த டைஃபாய்டில் எதிர்ப்பு ஏற ஒரு வாரமாவது ஆகும். மூன்றாவது நாளிலேயே 160 காட்டினால், அது பழைய கணக்காக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதே வாரத்தில் நிஜமான டைஃபாய்டுக்காரருக்கு நெகட்டிவ் வருவதும் உண்டு.

டைஃபாய்டை உறுதி செய்வது, ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சர். முதல் வாரத்தில், ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் எடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம் வேண்டும். ரெண்டு மில்லியில் எடுத்தால் கிருமி சிக்காது. முறையாக எடுத்தாலும் பாதிப் பேருக்குத்தான் வளரும். ஆகவே நெகட்டிவ் என்றால் டைஃபாய்டு இல்லை என்று முடிவுகட்ட முடியாது. அம்மாவுக்கு ஊசி போட்டாகிவிட்டதால் இனி சிக்கும் வாய்ப்பு குறைவு. என்றாலும் எடுப்பது நல்லது.

எட்டாம் நாளில் நான் கேட்பது இவைதான்: பிளேட்லெட்டோடு முழு ரத்த எண்ணிக்கை, ஈரல், சிறுநீரகப் பரிசோதனை, மலேரியா ஸ்மியர், ஸ்க்ரப் ஐஜிஎம் எலைசா, டெங்கு ஐஜிஎம். என்எஸ்1 முதல் ஐந்து நாளுக்கான டெங்கு டெஸ்ட். இப்போது நெகட்டிவ் வந்தால் அதை நம்பக் கூடாது. வயலில் தேங்கின தண்ணீரில் இறங்கி வேலை செய்திருந்தால் எலிக்காய்ச்சலையும் பார்க்கச் சொல்வேன்.

நிஜ டைஃபாய்டிலும் ஊசி தொடங்கி காய்ச்சல் விட நாலு முதல் ஆறு நாள் ஆகும். ஆகவே ஊசியை நீங்களாக நிறுத்த வேண்டாம். அம்மா மாட்டுக்குப் புல்லறுக்கப் போயிருந்தால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள், புண் இருந்தால் காட்டுங்கள். அதைப் பார்த்தால் எலைசா ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் டாக்ஸிசைக்ளின் தொடங்கிவிடலாம். மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, கறுப்பாக மலம் போனாலோ, லேபுக்குப் போக வேண்டாம். நேரே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.