ட்ரை சிரப்பில் தண்ணீர் எதுவரை?

கேள்வி: குழந்தைக்கு டாக்டர் பவுடரா இருக்கிற ஆன்டிபயாட்டிக் சிரப் எழுதிக் கொடுத்தார். தண்ணி எவ்வளவு ஊத்தணும்? ஃப்ரிட்ஜ்ல வைக்கணுமா? மீதியை அடுத்த தடவைக்கு வச்சுக்கலாமா?

பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பாட்டிலிலோ லேபிளிலோ ஒரு கோடு அல்லது அம்புக்குறி இருக்கும். தண்ணீர் அதுவரைதான். கழுத்து வரை ஊற்றிவிடாதீர்கள்.

நாங்கள் ஊற்றினோம். மகனுக்கு அப்போது மூன்று வயது. காதுவலி, ராத்திரியெல்லாம் அழுகை, காய்ச்சல். அமாக்ஸிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்த ட்ரை சிரப் எழுதினார்கள். 30 மில்லி பாட்டில், 5 மில்லிக்கு 228.5 மி.கி. மருந்து. காலையும் இரவும் 5 மில்லி, ஐந்து நாள். சில பெட்டிகளில் அளந்த தண்ணீர் ஒரு குட்டிக் குப்பியில் கூடவே வரும். எங்களுடையதில் இல்லை. வீட்டுக்காரர் குடத்துத் தண்ணீரை எடுத்துக் கழுத்து வரை ஊற்றிக் குலுக்கிவிட்டார்.

இரண்டு நாள் ஆகியும் காய்ச்சல் விடவில்லை. டாக்டர் பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எத்தனை வேளை குடுத்தீங்கம்மா?" என்றார். நாலு வேளை என்றேன். "நாலு வேளைக்கு 20 மில்லி போயிருக்கணும், 10 மில்லிதான் மிச்சம் இருக்கணும். இதுல இன்னும் 20 மில்லி இருக்கே!" 30 மில்லிக்கான மருந்து 40 மில்லியில் கரைந்திருந்தது. பிள்ளை ஒவ்வொரு வேளையும் குடித்தது ஏறக்குறைய 171 மி.கி.தான், அதாவது முக்கால் பங்கு. புதுப் பாட்டில் எழுதிக் கொடுத்து, முதலிலிருந்து கொடுக்கச் சொன்னார்.

அன்றைக்கு அவர் சொல்லிக்கொடுத்தபடிதான் இன்றுவரை கலக்குகிறேன். முதலில் பாட்டிலைத் தட்டி, அடியில் கெட்டிப்பட்ட தூளை உதிர்க்க வேண்டும். கொதிக்க வைத்து நன்றாக ஆறிய தண்ணீரைக் கோட்டுக்குப் பாதி ஊற்றிக் குலுக்க வேண்டும். நுரை அடங்கியதும் பார்த்தால் மட்டம் இறங்கியிருக்கும். மறுபடி கோடு வரை ஊற்றி இன்னொரு தடவை குலுக்க வேண்டும். 30 மில்லி பாட்டில்தானே என்று 30 மில்லி தண்ணீரை அளந்து ஊற்றினாலும் தப்பு, தூளும் இடம் பிடிக்கும். வெந்நீர் கூடவே கூடாது, சூட்டில் மருந்தின் வீரியம் போய்விடும். அதிலும் கிளாவுலனிக் அமிலம் தண்ணீர் பட்டதிலிருந்தே சிதைய ஆரம்பிக்கிற சரக்கு.

அதனால்தான் ஃப்ரிட்ஜ். இந்த மருந்தைக் கலந்த பிறகு 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்து ஏழு நாளில் முடிக்க வேண்டும். உள்தட்டில் வையுங்கள். கதவில் வைத்தால் திறக்கும்போதெல்லாம் சூடு படும், ஃப்ரீசரிலும் வைக்கக் கூடாது. பெட்டியில் இருக்கும் எக்ஸ்பைரி தேதி காய்ந்த தூளுக்கு மட்டும்தான். கலந்த தேதியை நான் பேனாவால் லேபிளிலேயே எழுதிவிடுவேன். வெள்ளையாக இருந்த மருந்து பழுப்பாக மாறினால் அதற்கு முன்பே கொட்டிவிடுங்கள். ஆனால் எல்லா ட்ரை சிரப்புக்கும் ஃப்ரிட்ஜ் கிடையாது. கிளாரித்ரோமைசின் ஃப்ரிட்ஜில் கெட்டியாகிவிடும், வெளியில்தான் வைக்க வேண்டும். உங்கள் பாட்டிலின் லேபிளைப் படித்துவிட்டு வையுங்கள்.

"நாங்க காலங்காலமா குத்துமதிப்பாத்தான் ஊத்துறோம், பிள்ளைங்க நல்லாத்தான் இருக்கு" என்று எழுத சிலர் வருவார்கள். நான் டாக்டர் இல்லை. என் பிள்ளைக்கு நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

கடைக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. 'கோடு வரைக்கும் ஊத்துங்க' என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? என் மாமியாருக்குப் பிரஷர் மாத்திரை வாங்கினால், தேதி அச்சடித்த பக்கத்தை வெட்டி எடுத்துக்கொண்டு மொட்டைத் துண்டைத்தான் தருகிறார்கள். கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

மீதி விஷயத்துக்கு வருகிறேன். ஐந்து நாளைக்கு 50 மில்லி தேவை, அதாவது இரண்டு பாட்டில். முதல் பாட்டில் தீர்ந்ததும் மருந்து முடிந்தது என்று நிறுத்திவிடாதீர்கள். இரண்டாவதை அப்போதுதான் கலக்க வேண்டும். கடைசியில் 10 மில்லி மிஞ்சும். எனக்கு மிஞ்சியபோது பக்கத்து வீட்டு அக்கா கேட்டார், அவர் பையனுக்குச் சளியாம். சளிக்கு இது வேலை செய்யாது, பையனின் எடையும் வேறு, கலந்தும் நாளாகிவிட்டது என்று சொல்லிக் கொடுக்கவில்லை. வடிகட்டிய டீத்தூளில் அந்த மருந்தை ஊற்றி, கவரில் கட்டிக் குப்பையில் போட்டேன். லேபிளைக் கிழித்துவிட்டுத்தான் பாட்டிலையும் போட்டேன். அக்கா இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.