வறட்சியும் குருவியின் அலகும்: ஒரு கடிதம், ஒரு பதில்

அன்புள்ள ஐயா,

பரிணாமம் பற்றிய பாடத்தில் வரும் அலகு எடுத்துக்காட்டு எனக்குக் குழப்பமாக இருக்கிறது. வறட்சியில் கடினமான விதைகளை உடைக்க வேண்டியிருந்ததால் ஃபின்ச் குருவிகளின் அலகு பெரிதானது என்று படித்தேன். தேவை ஏற்பட்டதால் அலகு வளர்ந்தது என்றா இதற்குப் பொருள்? சிறிய அலகுள்ளவை இறந்தன என்பதுதான் நடந்தது என்றால், அது வெறும் இறப்புக் கணக்குதானே? பரிணாமம் எங்கே வருகிறது?

மீனாட்சி

அன்புள்ள மீனாட்சி,

எந்தக் குருவியின் அலகும் வளரவில்லை. இதை இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், உயிரியலாளர்களான பீட்டர் கிராண்டும் ரோஸ்மேரி கிராண்டும் 1973 முதல் கலாபகோஸ் தீவுக்கூட்டத்தின் டாஃப்னி மேஜர் என்னும் சிறு தீவில் குருவிகளைப் பிடித்து, அளந்து, காலில் வளையம் மாட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளம் காணும்படி விட்டிருந்ததுதான். முழு வளர்ச்சி அடைந்த குருவிக்கு அதன் பிறகு அலகின் அளவு ஏறக்குறைய மாறுவதில்லை. ஆகவே வறட்சிக்குப் பின் பிழைத்திருந்த குருவி எது, வறட்சிக்கு முன் அதன் அலகு எவ்வளவு இருந்தது என்று குறிப்பேட்டைப் பார்த்தே சொல்ல முடிந்தது. “அலகு பெரிதானது” என்று பாடம் சொல்லும்போது அது கூட்டத்தின் சராசரியைத்தான் குறிக்கிறது. அதை வெளிப்படையாக எழுதாமல் விடுவதால்தான் உங்களுக்கு வந்த குழப்பம் பலருக்கும் வருகிறது.

1977இல் அத்தீவில் மழை ஏறக்குறைய பொய்த்துப்போனது. செடிகள் புதிய விதைகளைத் தரவில்லை. அங்கு அவர்கள் அளந்துவந்த ஃபின்ச் இனமான நடுத்தரத் தரைக் குருவிகள் முதலில் எளிதில் உடையும் சிறு விதைகளைத் தின்று தீர்த்தன. எஞ்சியவற்றுள் முக்கியமானது நெருஞ்சிப் பேரினத்தைச் சேர்ந்த ஒரு செடியின் முள் நிறைந்த கடினமான காய். அதைப் பிளக்கத் தடித்த அலகு தேவை. மெல்லிய அலகுள்ள குருவிகள் பெரும்பாலும் அதைத் தொடுவதே இல்லை. இனப்பெருக்கமும் அந்த ஆண்டு நடைபெறவில்லை. கூட்டத்தில் ஏறத்தாழ 85 சதவீதம் அழிந்தது. அலகின் பருமன், அதாவது அடிப்பகுதியில் மேலிருந்து கீழாக அளக்கும் அளவு, வறட்சிக்கு முன் சராசரியாக 9.42 மில்லிமீட்டர், பிழைத்தவற்றில் 9.96 மில்லிமீட்டர்.

இந்த 0.54 மில்லிமீட்டர் வேறுபாடுதான் நீங்கள் சொல்லும் இறப்புக் கணக்கு. இதுவரை நடந்தது இயற்கைத் தேர்வு மட்டுமே என்று நீங்கள் கருதினால், அது சரியான கருத்தே. அலகின் பருமன் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குச் செல்லாத பண்பாக, குஞ்சாக இருந்தபோது கிடைத்த தீனியால் மட்டுமே அமைவதாக இருந்திருந்தால், பிழைத்த தடித்த அலகுக் குருவிகளின் குஞ்சுகள் மீண்டும் பழைய சராசரிக்கே திரும்பியிருக்கும். அத்தனை குருவிகள் மடிந்ததற்கு அடுத்த தலைமுறையில் சுவடே இருந்திருக்காது.

அதனால் இரண்டாவதாக ஒரு கேள்விக்கு விடை தேவைப்படுகிறது: குருவிகளுக்கிடையே காணும் அலகு வேறுபாட்டில் எவ்வளவு பங்கு மரபுவழி வருகிறது? பெற்றோர் இருவரின் அலகுச் சராசரியையும் வளர்ந்த பிள்ளைகளின் அலகையும் பல குடும்பங்களில் ஒப்பிட்டு இதைக் கணித்தார்கள். பங்கு பெரிது என்று தெரிந்தது. அதைச் சுமார் 0.7 என்று வைத்துக்கொண்டு 0.54ஐப் பெருக்கிப் பாருங்கள்; ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் கிடைக்கும். பெற்றோர் பெற்ற நன்மை முழுவதும் பிள்ளைகளுக்குச் செல்லாது, ஒரு பகுதியே செல்லும் என்பது இதன் பொருள். வறட்சிக்குப் பின் 1978இல் பொரித்த குஞ்சுகள் வளர்ந்தபோது அவற்றின் அலகு, வறட்சிக்கு முந்தைய கூட்டத்தைவிடச் சராசரியாக 4 சதவீதம் அளவுக்குத் தடித்திருந்தது. 9.42இல் 0.4 என்பது ஏறத்தாழ 4 சதவீதம்; ஆக நம் கணக்கும் அதே அளவைத்தான் தருகிறது. பரிணாமம் என்று பெயர் சொல்லத் தகுந்தது தலைமுறையைத் தாண்டி வந்த இந்த மாற்றம்தான்.

அப்படியானால் தடித்த அலகே சிறந்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 1983இல் எல் நினோவால் பெருமழை பெய்து தீவெங்கும் சிறு விதைகள் மலிந்தன; அதைத் தொடர்ந்து வந்த வறண்ட காலத்தில், 1984-85இல், சிறிய அலகுள்ள குருவிகளே அதிகம் பிழைத்தன. இதைவிட எனக்கு வியப்பளிப்பது 2004இல் நடந்தது. அப்போதும் கடும் வறட்சிதான். ஆனால் 1982இல் இத்தீவில் குடியேறிய பெரிய தரைக் குருவிகள் அதற்குள் பெருகி, நெருஞ்சிக் காய்களைத் தாமே தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. தடித்த அலகுள்ள நடுத்தரக் குருவிகளுக்கு அதே உணவில் தம்மைவிட வலிய போட்டியாளர் வந்துவிட்டதால், இம்முறை அவைதாம் அதிகமாக மடிந்தன. கூட்டத்தின் சராசரி அலகு 1977க்கு நேர்எதிர்த் திசையில் சிறுத்தது.