அப்ரைசல் படிவத்திலிருந்து பயிற்சிப் பட்டியல் எடுப்பது எப்படி: கேள்வி பதில்

ஆண்டு மதிப்பீடு முடிந்து படிவங்கள் ஹெச்.ஆர். மேசைக்கு வந்துவிட்டன, அடுத்து என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தீர்கள். உதிரிபாகத் தொழிற்சாலைகளில் பயிற்சிப் பிரிவைப் பார்த்துக்கொண்டவன் நான். எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

ஓசூர், ஹெச்.ஆரில் புதிதாகச் சேர்ந்தவர்: சார், எங்கள் மெஷின் ஷாப்பில் 64 பேரின் படிவம். ‘பயிற்சி தேவை’ என்ற கட்டத்தில் இருப்பதை அப்படியே எக்செலில் ஏற்றிவிட்டேன். 19 பேருக்கு ‘கம்யூனிகேஷன்’ என்று வருகிறது. அதையே முதல் பயிற்சியாகப் போட்டுவிடலாமா?

இப்போதைக்கு வேண்டாம். அந்தக் கட்டம் படிவத்தின் கடைசியில் இருக்கும். எழுதுகிறவர் களைத்துப்போய், கையெழுத்துப் போடும் அவசரத்தில் நிரப்புவது. உண்மையான விஷயம் மேலே, குறைகள் எழுதும் இடத்திலும், எட்டாத இலக்குக்குக் காரணம் எழுதும் இடத்திலும்தான் கிடக்கும். அந்த 19 படிவங்களையும் எடுத்து முழுக்கப் படியுங்கள்.

பெரும்பாலும் இப்படித்தான் பிரியும். 9 பேர் ஷிப்ட் மாறும்போது என்ன ஆஃப்செட் மாற்றினோம், எந்த டூல் தேய்ந்திருக்கிறது என்று லாக் புக்கில் எழுதாமல் போகிறவர்கள். 4 பேர் வாடிக்கையாளர் புகாருக்கு ஆங்கிலத்தில் மெயில் எழுதத் திணறுகிறவர்கள். 3 சூப்பர்வைசர்களுக்கு வடமாநிலத் தொழிலாளர்களிடம் வேலை சொல்ல இந்தி வரவில்லை. மீதி 3 பேர் ‘மீட்டிங்கில் வாயே திறப்பதில்லை’. நாலும் வேறு வேறு வேலை. வெளியிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு 19 பேரையும் ஒரே ஹாலில் உட்கார வைத்தால் லாக் புக் அப்படியேதான் இருக்கும்.

எது எது என்று தெரியாதபோது எழுதிய மேலதிகாரியிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: ‘இது வந்துவிட்டால் அவர் இப்போது செய்யாத எந்த வேலையைச் செய்வார்?’ பதில் வந்தால் அதுதான் திறனின் பெயர். வராவிட்டால் அந்த வரியை ‘விசாரணையில்’ என்று தனியே வையுங்கள். வாய் திறக்காத மூவரும் எனக்குத் தெரிந்தவரை அங்கேதான் போவார்கள்.

ஷீட்டில் ஒரு ஆளின் ஒரு தேவைக்கு ஒரு வரி. பணியாளர் எண், செய்யும் வேலை, படிவத்தில் இருந்த சொற்கள், நீங்கள் வைத்த திறன் பெயர், எழுதியது யார், இந்த ஐந்து பத்தி போதும். படிவத்தின் சொற்களை மட்டும் அழித்துவிடாதீர்கள். பிறகு சந்தேகம் வந்தால் திரும்பிப் பார்க்க அது ஒன்றுதான் இருக்கும்.

கோவை, பம்பு கம்பெனியில் தரப்பிரிவு: எங்களுக்கு நேர் எதிர். ஒரே விஷயத்தை ‘வெர்னியர்’, ‘மைக்ரோமீட்டர்’, ‘ரீடிங் தப்பு’, ‘இன்ஸ்பெக்‌ஷன் வீக்’ என்று நாலு பெயரில் எழுதுகிறார்கள். பிவட் போட்டால் நாலு சின்ன வரி. அதுபோக, ஆள் தானே எழுதியதும் மேலதிகாரி எழுதியதும் இரண்டாக எண்ணிவிடுகிறது.

சேர்க்கலாமா என்பதற்கு நான் வைத்திருந்த அளவுகோல்: ஒரே ஆசிரியர், ஒரே வகுப்பில் இரண்டையும் சரிசெய்ய முடியுமா? முடியும் என்றால் ஒன்று. வெர்னியரும் மைக்ரோமீட்டரும் சேரும். டிராயிங்கில் டாலரன்ஸ் குறி படிப்பது சேராது, அதைத் தனியாக வையுங்கள். ‘இன்ஸ்பெக்‌ஷன் வீக்’ என்பதை மட்டும் கேட்டுத்தான் பிரிக்க வேண்டும்.

பெயர்களை முடிவு செய்ததும் டேட்டா வேலிடேஷனில் டிராப்டவுன் போட்டுவிடுங்கள். கையால் தட்டினால் ‘மைக்ரோமீட்டர்’, ‘மைக்ரோ மீட்டர்’ என்று இரண்டாகும். பணியாளர் எண் வேறு மென்பொருளிலிருந்து வந்ததென்றால் பின்னால் ஒட்டியிருக்கும் வெற்றிடத்தை TRIM போட்டு எடுங்கள். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார்.

பிவட் சும்மா எண்ணினால் வரிகளைத்தான் எண்ணும். நமக்கு வேண்டியது தலைகள். பணியாளர் எண் A பத்தியிலும் திறன் D பத்தியிலும் இருந்தால், F2-வில் இதைப் போட்டுக் கீழே இழுங்கள்:

```
=IF(COUNTIFS(A$2:A2,A2,D$2:D2,D2)=1,1,0)
```

ஒரே ஆளுக்கு அதே திறன் இரண்டாம் முறை வந்தால் 0 விழும். பிவட்டில் F பத்தியைக் கூட்டினால் ஆட்கள் எண்ணிக்கை. உங்கள் நாலு பெயரும் சேர்ந்து 23 வரி என்று வையுங்கள். ஆறு பேருக்கு இரண்டு பக்கமும் எழுதியிருந்தால் தலை 17தான். அந்த ஆறு பேரைக் குறித்து வையுங்கள். தனக்கு வராது என்று அவரே ஒப்புக்கொண்டு மேலதிகாரியும் அதையே சொல்கிறார் என்றால் அதைவிட வலுவான சான்று படிவத்தில் கிடைக்காது.

ஸ்ரீபெரும்புதூர், உற்பத்தி மேலாளர்: இவ்வளவு சுற்றுவானேன்? ரிஜெக்‌ஷன் அதிகம் போடுகிறவர்களை அனுப்ப வேண்டியதுதான். நாங்கள் ஆட்கள் எண்ணிக்கையைப் பாதிப்பு மதிப்பெண்ணால் பெருக்குகிறோம். எது பெரிதோ அது முதலில். சுலபம்.

பாதிப்பைச் சேர்த்துப் பார்க்கிறீர்களே, அது சரி. மற்ற இரண்டிலும் எனக்கு மாற்றுக் கருத்து.

முதலில் ரிஜெக்‌ஷன். ஒரே மெஷினில் மூன்று ஷிப்ட் ஆட்களும் அதே தப்பைப் போடுகிறார்கள் என்றால் மெஷினையோ கேஜையோ பாருங்கள். ஒரே ஆள் எந்த மெஷினில் நின்றாலும் அதே தப்பு என்றால் ஆளைப் பாருங்கள். மேலே சொன்ன 17 பேரில் 5 பேர் ஒரே உற்பத்திச் செல்லில், தேய்ந்துபோன ஒரே கேஜை வைத்து அளப்பவர்கள் என்று தெரிந்தால் அவர்களுக்குத் தேவை புது கேஜ். பட்டியலில் 12 பேர்தான் நிற்பார்கள்.

அடுத்தது பெருக்கல். ஒரு ஷாப்பில் எக்செல் கேட்டவர்கள் 21 பேர், பாதிப்பு 1 என்றால் 21. கிரேனில் சிலிங் கட்டத் தெரியாதவர்கள் 2 பேர், பாதிப்பு 3 என்றால் 6. உங்கள் கணக்கில் எக்செல் வகுப்பு முதலில் நடக்கும், சரக்கு யார் தலையிலாவது விழும்வரை சிலிங் காத்திருக்கும். அதனால் பெருக்காமல் அடுக்குங்கள். ஆளுக்குக் காயம் அல்லது தப்பான பொருள் வாடிக்கையாளரிடம் போகும் என்றால் முதல் அடுக்கு. வேலை நிற்கும், மறுவேலை வரும் என்றால் இரண்டாவது. மற்றது மூன்றாவது. எண்ணிக்கையை ஓர் அடுக்குக்கு உள்ளே மட்டும் பாருங்கள்.

ஓசூர் தம்பியின் பட்டியலோடு இவற்றையும் ஒரே ஷாப்பில் வைத்துப் பார்த்தால், முதல் அடுக்கில் அளவெடுத்தல் 12 பேர், சிலிங் கட்டுதல் 2 பேர். இரண்டாவதில் ஷிப்ட் லாக் 9, புகார் மெயில் 4, இந்தி 3. மூன்றாவதில் எக்செல் 21. எண்ணிக்கையில் பெரியது கடைசியில் நிற்கிறது, அதில் தப்பில்லை.

பக்கத்தில் இன்னொரு பத்தி வைத்தால் நல்லது: அந்த வேலையைச் செய்கிறவர்கள் மொத்தம் எத்தனை பேர். அளவெடுக்கும் 48 பேரில் 12 என்றால் தெரிந்தவர் பக்கத்திலேயே இருக்கிறார். சிலிங் கட்டும் 3 பேரில் 2 என்றால் மூன்றாமவர் லீவு போடும் நாளில் யாருமில்லை. நானாக இருந்தால் சிலிங்கை மேலே ஏற்றுவேன்.

மதுரை, தனியார் மருத்துவமனை செவிலியர்: ஐயா, மூன்று வருடமாக என் படிவத்தில் ‘வென்டிலேட்டர் பயிற்சி வேண்டும்’ என்று எழுதுகிறேன். யாரும் அனுப்பவில்லை. இதை எழுதி என்னதான் பயன்?

உங்கள் நிர்வாகம் ஏன் அனுப்பவில்லை என்று எனக்குச் சொல்லத் தெரியாது சிஸ்டர். ஆனால் எழுதும் விதத்தை மாற்றிப் பாருங்கள். ‘வென்டிலேட்டர் பயிற்சி’ என்றால் படிக்கிறவர் கண்ணுக்கு அது ஒரு கோர்ஸ் ஆசை. ‘இரவு ஷிப்ட்டில் ஐ.சி.யு.வில் நிற்கிறேன், வென்டிலேட்டர் அலாரம் அடித்தால் டாக்டர் வரும்வரை என்ன பார்க்க வேண்டும் என்று தெரியவில்லை’ என்று எழுதினால் அது நேராக முதல் அடுக்குக்குப் போகும். உடன் வேலை செய்கிறவர்களும் அவரவர் படிவத்தில் எழுதட்டும். ஒரு தலை ஐந்து தலையாகும்.

ஹெச்.ஆர். நண்பர்களுக்கும் இதில் வேலை உண்டு. ‘முதலில் கேட்ட ஆண்டு’ என்று ஒரு பத்தி சேருங்கள். மூன்றாம் ஆண்டும் அதே ஆளுக்கு அதே தேவை என்றால், ஒன்று பயிற்சி கொடுக்கவில்லை, இல்லையென்றால் கொடுத்தும் பலிக்கவில்லை. பலிக்காததற்கு அதே வகுப்பை மறுபடி நடத்துவது வீண். ஐ.எஸ்.ஓ. 9001:2015 வாங்கிய நிறுவனம் என்றால் 7.2 பிரிவில் பயிற்சியின் பலனை மதிப்பிட வேண்டும் என்றே இருக்கிறது. ஆடிட்டர் கேட்டால் வருகைப் பதிவேட்டை மட்டும் நீட்டித் தப்பிக்க முடியாது.

திருப்பூர், ஏற்றுமதி ஆடை நிறுவனம்: எங்களிடம் பாதிப் படிவத்தில் ‘தேவை இல்லை’. குறையை எழுதினால் இன்கிரிமென்ட் போய்விடும் என்று பயம். இன்னொரு பக்கம், ஒரு சூப்பர்வைசர் தன் லைனில் 22 பேருக்கும் ‘தரம் பற்றிய விழிப்புணர்வு வேண்டும்’ என்று ஒரே வாக்கியம். இதை எப்படி எண்ணுவது?

அந்த 22, ஒருவரின் கருத்து. 22 பேர் என்று போட்டால் பட்டியலே சாய்ந்துவிடும். வரிகளை ஒதுக்கி வைத்துவிட்டு, ‘இவர்களில் முதலில் அனுப்ப வேண்டிய ஐந்து பேர் யார், எந்தத் தையலில் தப்பு வருகிறது’ என்று கேளுங்கள். பெயரும் தையலும் சொன்னால் ஐந்து வரி. சொல்ல முடியாவிட்டால் விசாரணைப் பத்தி.

‘தேவை இல்லை’ என்பதைப் பூஜ்யமாக எண்ணாதீர்கள். ‘படிவம் சொல்லவில்லை’ என்று தனியாகக் காட்டுங்கள். ஒரு பிரிவில் பாதிக்கு மேல் அப்படி என்றால் அந்தப் பிரிவின் எண்ணிக்கையை மற்ற பிரிவோடு ஒப்பிடவே கூடாது. பயம் போக என்ன வழி என்று கேட்டால், இன்கிரிமென்ட் பேச்சையும் பயிற்சிப் பேச்சையும் சில மாத இடைவெளியில் நடத்திய இடங்களைப் பார்த்திருக்கிறேன். ஓரிடத்தில் மனம் விட்டு எழுதினார்கள், இன்னோரிடத்தில் எந்த மாற்றமும் இல்லை. ஏன் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

கோவை நண்பர் மறுபடியும்: திருப்பூரில் லைன் போர்டிலேயே ஸ்கில் மேட்ரிக்ஸ் தொங்குமே சார். யாருக்கு ஓவர்லாக் வரும், யாருக்கு ஃபிளாட்லாக் வரும் என்று அதிலேயே இருக்கிறது. படிவம் எதற்கு?

லைன் ஆட்களுக்கு நீங்கள் சொல்வது பெரும்பாலும் சரி. மேட்ரிக்ஸை முதலில் பார்த்துவிட்டு, படிவத்தோடு முரண்படும் பெயர்களை மட்டும் நேரில் பார்த்தால் போதும். மெர்ச்சண்டைசர், ஸ்டோர்ஸ், கணக்குப் பிரிவு, சூப்பர்வைசர்கள் யாருக்கும் போர்டில் மேட்ரிக்ஸ் இருக்காது. அங்கே படிவத்தை விட்டால் வேறு எழுத்து இல்லை.

சேலம், நிர்வாக அலுவலர்: போஷ் விழிப்புணர்வு, தீயணைப்பு இதையெல்லாம் ஒருவர்கூட எழுதவில்லையே?

எழுதமாட்டார்கள், எழுதவும் வேண்டாம். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புக்கான 2013 சட்டம் விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்தும் கடமையை முதலாளி மேல் வைத்திருக்கிறது. எத்தனை பேர் கேட்டார்கள் என்ற கேள்வியே அங்கு இல்லை. சட்டப்படி நடத்த வேண்டியவற்றைத் தனி ஷீட்டில் வைத்து, நாளையும் பணத்தையும் முதலில் அதற்கு ஒதுக்கிவிட்டு மீதிக்கு இந்தப் பட்டியலை வையுங்கள்.

ஓசூர் தம்பி: கடைசியாக ஒன்று சார். பட்டியலை நிர்வாகக் கூட்டத்தில் காட்டும்போது பெயரோடு காட்டலாமா?

கூடாது. கூட்டத்துக்கு அடுக்கு, திறன், ஆட்கள் எண்ணிக்கை, அந்த வேலை செய்யும் மொத்த ஆட்கள், பிரிவு, இவ்வளவு போதும். எண்ணிக்கை ஒன்று இரண்டு என்று இருந்தால் பிரிவின் பெயரையும் எடுத்துவிடுங்கள், பிரிவைச் சொன்னாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பெயர்ப் பட்டியல் அந்தந்த மேலதிகாரிக்கு மட்டும், அவருடைய ஆட்களின் வரிகள் மட்டும். அனுப்பும்போது வரிகளை ஃபில்டரில் மறைத்து அனுப்பாதீர்கள், தனி ஃபைலாக வெட்டி அனுப்புங்கள். ஃபில்டரை எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும். பிவட் இருக்கும் ஃபைலையும் அனுப்ப வேண்டாம், எண்ணின் மேல் இருமுறை கிளிக் செய்தால் அடியில் இருக்கும் பெயர்கள் புது ஷீட்டில் வந்து விழும்.