நாப்கினை எண்ணுங்கள்: பனியன் கம்பெனிப் பெண்கள் சீட்டில் கேட்டவை

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாதவிடாய்ப் பிரச்சினைகளைப் பற்றிப் பேசப் போயிருந்தேன். மைக்கில் கேட்கக் கூச்சமாக இருக்கும் என்று, கேள்விகளைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடச் சொன்னோம். திரும்பத் திரும்ப வந்தவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

எனக்கு எப்பவுமே அதிகமாத்தான் போகும். அம்மாவுக்கும் அப்படித்தான். இதுக்கெல்லாம் டாக்டர்கிட்ட போகணுமா?

"அதிகம்" என்று மட்டும் சொன்னால் எனக்கும் புரியாது. நாப்கினை எண்ணுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஒன்று முழுக்க நனைந்து, அடுத்ததும் அப்படியே நனைந்தால் அது அதிகம். பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டி விழுவது, எட்டு நாள் தாண்டியும் நிற்காதது, நாப்கின் மாற்றுவதற்கென்றே ராத்திரி எழுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் போய்க் காட்ட வேண்டும். அதோடு தலைசுற்றி மயக்கம் வந்தால் அன்றைக்கே போய்விடுங்கள்.

செக்கிங்கில் நிற்கும் 38 வயதுப் பெண் ஒருவர், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றுதான் என்னிடம் வந்தார். பீரியட்ஸைப் பற்றி அவராகச் சொல்லவில்லை. கேட்ட பிறகுதான், இரண்டாம் நாள் இரண்டு நாப்கின் சேர்த்து வைத்தும் சுடிதார் நனைந்துவிடுகிறது என்றார். ஹீமோகுளோபின் 7.2 இருந்தது, 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. ஸ்கேனில் கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு கட்டி தெரிந்தது. இது பெரும்பாலும் புற்றுநோய் இல்லை. ரத்தப்போக்கைக் குறைக்கும் மாத்திரையை அந்த நாட்களுக்கு மட்டும் கொடுத்தோம், கூடவே தினமும் இரும்புச்சத்து மாத்திரை. இரண்டு மாதம் ஆகியும் அளவு ஏறவே இல்லை. விசாரித்தால், மாத்திரையைக் கம்பெனி டீயோடு விழுங்கியிருக்கிறார்! டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. எலுமிச்சைச் சாற்றோடு போடச் சொன்னோம். அடுத்த மூன்று மாதத்தில் 11.4.

அவருக்குக் கர்ப்பப்பையை எடுக்கவில்லை. முதல் தடவை பார்த்ததுமே "எடுத்துடலாம்" என்று யாராவது சொன்னால், அரசு மருத்துவமனையிலும் ஒருமுறை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

வலிக்குது என்றால் சூப்பர்வைசர் அக்கா ஒரு மாத்திரை தருவாங்க. போடலாமா?

பெயர் தெரியாத மாத்திரை வேண்டாம். அட்டையிலிருந்து வெட்டிக் கொடுத்தால் பெயரும் காலாவதித் தேதியும் போய்விடுகிறது. மாதவிடாய் வலிக்குச் சாதாரணமாகத் தரும் மெஃபனமிக் ஆசிட், இப்யூபுரூஃபன் இரண்டையும் சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும். அல்சர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. மாத்திரை போட்டும் அடங்காத வலி, வருடத்துக்கு வருடம் கூடும் வலி, பீரியட்ஸ் இல்லாத நாளிலும் இருக்கும் அடிவயிற்று வலி, இவையெல்லாம் கிளினிக்கில் பார்க்க வேண்டியவை.

நாள் தள்ளிப் போகுது. நைட் ஷிப்ட் காரணமா?

இருக்கலாம். ஆனால் கல்யாணமானவர்கள் முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்துவிடுங்கள். நாள் தள்ளியிருக்கும்போது ஒரு பக்கமாக அடிவயிறு கடுமையாக வலித்து மயக்கமும் வந்தால், கரு குழாயில் தங்கியிருக்கலாம். ஷிப்ட் முடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். கர்ப்பம் இல்லாமலே மூன்று மாதம் வராவிட்டாலும் போய்ப் பாருங்கள்.

நின்னு ரெண்டு வருஷம் ஆச்சு. போன வாரம் லேசா பட்டுச்சு.

ஒரு வருடம் முழுக்க நின்ற பிறகு ஒரு சொட்டு பட்டாலும் பார்த்துத்தான் ஆக வேண்டும். பலருக்கு அது சாதாரணக் காரணமாகவே இருக்கும். ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியும் இதுவே. உறவுக்குப் பிறகு ரத்தம் பட்டாலும் இதே பதில்தான்.

ஸ்கேனுக்கெல்லாம் காசு எங்க போறது?

சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். இ.எஸ்.ஐ. என்று பிடித்திருந்தால் நீங்கள் ஏற்கெனவே காசு கட்டிவிட்டீர்கள். 12,000 ரூபாய் சம்பளத்துக்கு 90 ரூபாய் உங்கள் பங்கு. முதலாளி அதற்கு மேல் நான்கு மடங்குக்கும் அதிகமாகக் கட்டுகிறார். இ.எஸ்.ஐ. எண்ணைக் கம்பெனி ஆபீசில் வாங்கிக்கொண்டு, முதலில் உங்கள் டிஸ்பென்சரிக்குப் போங்கள். ரத்தப் பரிசோதனை, மருந்து எல்லாம் அங்கிருந்து தொடங்கும். பெரிய சிகிச்சைக்குத் தனியார் மருத்துவமனைக்கு அனுப்பினாலும் அவர்கள் எழுதிக் கொடுக்கும் கடிதத்தோடு போக வேண்டும். நேராகப் போய்விட்டால் பில் உங்கள் தலையில் விழலாம். லீவு எடுக்க வேண்டியிருந்தால் இ.எஸ்.ஐ. டாக்டரின் சான்றிதழை மறக்காதீர்கள். போதிய நாள் சந்தா கட்டியிருந்தால் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும்.

பிடித்தம் இல்லாத கான்ட்ராக்ட் வேலை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ஹீமோகுளோபின் அங்கே இலவசமாகப் பார்ப்பார்கள். 30 வயது தாண்டியவர்கள் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளலாம். ஸ்கேன் வேண்டுமென்றால் அரசு மருத்துவமனைக்கு எழுதித் தருவார்கள். வயிற்று ஸ்கேனுக்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும் என்பதால் குடிக்க ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலோடு போங்கள். பாத்ரூமுக்குப் பயந்து லைனில் தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பழக்கத்தில் அன்றும் குடிக்காமல் போய், இன்னொரு நாள் வரச் சொல்லி, அரை நாள் சம்பளத்தை இழந்தவர்கள் உண்டு.