ஈரம் குடித்த மாத்திரை: மும்பை மழைக்காலக் கேள்விகளும் பதில்களும்

இருபத்தாறு வருடம் மருத்துவமனை மருந்துக் கிடங்கில் வேலை பார்த்தவள் நான். ஜூன் பிறந்து மும்பையில் மழை பிடித்துக்கொண்டால் தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று எல்லோரும் மாத்திரைப் படம் அனுப்ப ஆரம்பித்துவிடுவார்கள். இந்த முறை வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

"அக்கா, பையனுக்கு வலிப்புக்கு சோடியம் வால்ப்ரோயேட் கொடுக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை ஏழு நாளைக்கும் பிரித்து டப்பாவில் போட்டேன். வியாழக்கிழமை பார்த்தால் பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டு இருக்கு. கொடுக்கலாமா?" (செம்பூர்)

டப்பாவில் இருப்பதைக் கொடுக்காதீர்கள். ஆனால் இன்றைய வேளையைத் தவறவும் விடாதீர்கள். அட்டையில் பிரிக்காத மாத்திரை இருந்தால் அதைக் கொடுங்கள். இல்லையென்றால் சீட்டை எடுத்துக்கொண்டு இப்போதே மெடிக்கலுக்குப் போங்கள். வலிப்பு மருந்தில் ஒரு வேளை விட்டுப்போவது, ஈரம் பட்ட மாத்திரையைவிடப் பெரிய ஆபத்தாக முடியலாம்.

உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வியாழன் கட்டத்தில் மாத்திரையின் மேல்பூச்சு நனைந்த மாதிரி மின்னுகிறது, ஒரு பக்கம் அமுங்கியிருக்கிறது, டப்பாவின் அடியில் வெள்ளையாக ஒரு தடம். மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடியில் தண்ணீர் விட்டுக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். சோடியம் வால்ப்ரோயேட்டும் அப்படித்தான், காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து அதிலேயே கரைய ஆரம்பித்துவிடும். வாயில் போடும் நேரத்தில்தான் அட்டையிலிருந்து எடுக்கச் சொல்வது அதனால்தான். வாராந்திர டப்பாவின் மூடி தூசியைத் தடுக்கும், ஈரத்தைத் தடுக்காது.

டப்பா இல்லாமல் சமாளிக்க முடியாது என்றால், மாத்திரையைப் பிதுக்காமல் அட்டையையே துண்டு துண்டாக வெட்டிப் போடுங்கள். ஒவ்வொரு குமிழையும் சுற்றி ஓரம் விட்டு வெட்ட வேண்டும். கத்தரி குமிழின் ஓரத்தை உரசினால் கண்ணுக்குத் தெரியாத வாய் திறந்துவிடும். கடையில் நாலு மாத்திரை கேட்டால் வெட்டிக் கொடுப்பார்களே, அப்போதும் இதைப் பாருங்கள். காலாவதித் தேதி அச்சடித்த முனை பெரும்பாலும் கடைக்காரரிடமே தங்கிவிடும், அதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

"அப்போ திங்கள், செவ்வாய், புதன் கொடுத்ததெல்லாம் வீணா அக்கா?" (அதே செம்பூர் அம்மா)

அதைப் படம் பார்த்துச் சொல்ல முடியாது. நேரில் பார்த்தாலும் என்னால் சொல்ல முடியாது. ஈரம் பட்டதும் இந்த மருந்து கெட்டுப்போய் விஷமாகிவிடுவதில்லை. மேலே பிசுபிசுத்தாலும் உள்ளே மருந்து பெரும்பாலும் இருக்கும். ஆனால் டப்பாவில் எவ்வளவு ஒட்டிக்கொண்டது, குழந்தை வயிற்றுக்குள் எவ்வளவு போனது என்ற கணக்கு போய்விட்டது. மெதுவாகக் கரைய வேண்டிய வகை என்றால் பூச்சு கெட்டதும் கரையும் வேகமும் மாறலாம். நடந்ததை நடந்தபடி டாக்டரிடம் சொல்லுங்கள். தேவைப்பட்டால் இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கச் சொல்வார்.

"இதுக்குத்தான் மேடம் நான் எல்லா மாத்திரையையும் ஃப்ரிட்ஜில் வைக்கிறேன். 'கூல் பிளேஸ்'னு தெளிவா போட்டிருக்காங்களே." (முலுண்ட்)

சூட்டைப் பற்றிய உங்கள் கவலை சரிதான். ஆனால் நம் இந்திய மருந்தியல் நூலின் கணக்கில் 'கூல்' என்றால் 8 முதல் 25 டிகிரி வரை. ஃப்ரிட்ஜ் வேண்டும் என்றால் 2 முதல் 8 டிகிரி என்று எண் போட்டே சொல்வார்கள், இன்சுலினுக்குப் போடுகிற மாதிரி. குளிர்ந்த பாட்டிலை வெளியே எடுத்துத் திறந்தால் மும்பைக் காற்று உள்ளே போய் வியர்த்துவிடும். நீங்கள் பயப்படுகிற ஈரத்தை தினமும் இரண்டு வேளை நீங்களே உள்ளே விடுகிறீர்கள்.

மே மாதத்தில் வீடே 33, 34 டிகிரி இருக்கும்போது 25-க்குக் கீழே எங்கே போவது என்று கேட்பீர்கள். சில நாள் வெக்கையில் மாத்திரை உடனே கெட்டுவிடாது. விற்பனைக்கு வருமுன் 40 டிகிரியிலும் 75 சதவீத ஈரப்பதத்திலும் ஆறு மாதம் வைத்துச் சோதிக்கிறார்கள். ஆனால் அந்தச் சோதனை பிரிக்காத உறைக்குள் இருக்கும் மாத்திரைக்கு. படுக்கையறை அலமாரியின் உள்தட்டு போதும். சமையல் மேடை, குளியலறை, வெயில் படும் ஜன்னல் மூன்றும் வேண்டாம்.

"பெட்டியில் குடை, சூரியன், தெர்மாமீட்டர், மணல் கடிகாரம், அப்புறம் 2-ஐ குறுக்கே அடிச்ச வட்டம். ஒரு நாளைக்கு ரெண்டு தடவை போடக்கூடாதுன்னு அர்த்தமா?" (தாராவி)

இல்லை தம்பி. அடித்த 2 என்றால் ஒரு முறை பயன்படுத்தியதை மறுபடி பயன்படுத்தாதே என்று அர்த்தம். உங்கள் படத்தில் இருப்பது மாத்திரைப் பெட்டி இல்லை, சர்க்கரை பார்க்க விரலில் குத்தும் ஊசிப் பெட்டி. இந்தப் படக்குறிகள் அதிகம் வருவது இப்படிப்பட்ட சாமான்களில்தான். குடை என்றால் நனையாமல் வை, சூரியன் என்றால் வெயில் படாமல் வை, மணல் கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருப்பது காலாவதி. தெர்மாமீட்டரின் மேலே ஒரே எண் இருந்தால் அதற்கு மேல் போகக்கூடாது, இரண்டு எண் இருந்தால் இடையில் இருக்க வேண்டும். நம் ஊர் மாத்திரை அட்டையில் இவை படமாக இருக்காது, பொடி எழுத்தில் ஆங்கில வரியாக இருக்கும். போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள்.

"அப்பாவுக்கு இதயத்துக்காக ஆஸ்பிரின் 75. அட்டை அட்டையா பிரிச்சு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைப்பார். மூடியைத் திறந்தா ஊறுகாய் வாசனை வருது மாமி." (மாட்டுங்கா)

அது ஊறுகாய் இல்லை, வினிகர். ஆஸ்பிரின் ஈரத்தோடு சேர்ந்தால் சாலிசிலிக் அமிலமாகவும் அசிட்டிக் அமிலமாகவும் உடையும். அந்த இரண்டாவதுதான் வினிகரின் புளிப்பு வாசம்.

ஒரு மாத்திரையை எடுத்து வெள்ளைத் தாளில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஓரத்தில் முடி மாதிரி மெல்லிய ஊசிகள் மின்னினால் அது சாலிசிலிக் அமிலப் படிகம். முதல் முறை பார்க்கும்போது பூஞ்சை என்றுதான் நினைத்தேன். பூஞ்சை பஞ்சு மாதிரி மங்கலாக இருக்கும், இது கண்ணாடித் தூள் மாதிரி மினுக்கும். ஊசி இல்லாவிட்டாலும் வாசம் மட்டுமே போதும், அந்தப் பாட்டிலை விடுங்கள். வயிற்றில் கரையாமல் குடலில் கரைவதற்காகப் பூச்சுப் போட்ட வகை என்றால், அந்தப் பூச்சும் ஒட்டி உரிந்திருக்கும். உடைந்த ஆஸ்பிரின் வயிற்றை இன்னும் அரிக்கும், இரத்தக் கட்டியைத் தடுக்கும் வேலையையும் சரியாகச் செய்யாது. இன்றே புது அட்டை வாங்கிக் கொடுங்கள், அப்பா தானாக நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

"எனக்கும் இந்த ஒட்டுற பிரச்சினை உண்டு. மாத்திரை தொண்டையிலேயே ஒட்டிக்குது." (டோம்பிவிலி)

ஐயா, உங்களுடையது வேறு விஷயம், மாத்திரை கெட்டதால் வருவது இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்குங்கள், உடனே படுக்காதீர்கள். சாப்பாடும் அப்படித் தொண்டையில் நிற்கிறது என்றால் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள்.

"வெள்ளை மாத்திரை மஞ்சளாகிவிட்டது, படம் பாருங்கள்." (சயான்)

படத்தில் உங்கள் மேசை விரிப்பும் மஞ்சள், விரல் நகமும் மஞ்சள். அறை விளக்கின் நிறம் அது. காலை வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல், வெள்ளைத் தாளில் வைத்து எடுங்கள். சந்தேகப்படும் மாத்திரைக்குப் பக்கத்தில் அதே அட்டையிலிருந்து அப்போதே பிரித்த ஒன்றையும் வையுங்கள். இரண்டு பக்கமும் எடுங்கள், அட்டையின் பேட்ச் எண்ணும் தெரியட்டும். இரண்டுக்கும் நிறத்தில் வித்தியாசம் இருந்தால்தான் பேச விஷயம் இருக்கிறது. வைட்டமின் சி, அமாக்சிசிலின்–கிளாவுலனேட் இரண்டும் ஈரத்தில் உண்மையாகவே மஞ்சளாகி, பழுப்புப் புள்ளி விழும். அமாக்சிசிலின் வகையில் அப்படிக் கண்டால் போடக்கூடாது, கிளாவுலனேட் பகுதிதான் முதலில் போகும். பிரித்ததும் பிரிக்காததும் ஒரே மாதிரி நிறம் மாறியிருந்தால் கோளாறு உங்கள் வீட்டில் இல்லாமல் இருக்கலாம். கடையில் காட்டி, அட்டையோடு மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையான மகாராஷ்டிர எஃப்.டி.ஏ.-வுக்குப் புகார் கொடுக்கலாம்.

"வாந்தி மாத்திரையை அட்டையிலிருந்து அழுத்தி எடுத்தாலே தூளாகுது. போலி மருந்தா?" (செம்பூர்)

அது நாக்கில் வைத்தால் கரையும் வகையா என்று பெயருக்குப் பக்கத்தில் பாருங்கள். அந்த வகை லேசாகவே உடையும். அடித்தாளை உரித்துத்தான் எடுக்க வேண்டும், அழுத்தக்கூடாது. சாதாரண மாத்திரை என்றால் கதை வேறு. குமிழுக்குள்ளேயே பொடி கிடக்கிறதா, படலத்தில் மடிப்போ ஊசித்துளையோ தெரிகிறதா என்று வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். போலியா என்று உடைவதை வைத்து மட்டும் நான் சொல்லமாட்டேன், அதற்கு ஆய்வகம் வேண்டும்.

"கெட்டால் பவர் கொஞ்சம் குறையும், அவ்வளவுதானே? எங்க தாத்தா எல்லாத்தையும் போட்டார், நல்லாத்தான் இருந்தார்." (முலுண்ட்)

பெரும்பாலான மருந்தில் நீங்கள் சொல்வது உண்மைதான். ஆனால் பழைய டெட்ராசைக்ளின் கெட்டுப்போனதைச் சாப்பிட்டுச் சிறுநீரகம் பாதித்தவர்களைப் பற்றி 1963-இல் மருத்துவ இதழ்களில் வந்தது. பிறகு அதன் கலவையை மாற்றினார்கள். தலைவலி மாத்திரையில் பவர் குறைந்தால் தலை கொஞ்ச நேரம் கூட வலிக்கும். வலிப்புக்கோ, இதயத்துக்கோ, தொற்றுக்கோ கொடுப்பதில் குறைந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

"என் தைராய்டு மாத்திரை நூறு உள்ள பாட்டில், அடுப்புக்குப் பக்கத்தில் மூணு மாசமா இருக்கு. நிறம் மாறலை, ஒட்டலை, உடையலை. அப்போ நல்லாத்தானே இருக்கும்?" (மாட்டுங்கா)

நல்லாயிருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. இந்த மாத்திரையில் மருந்தின் அளவு மைக்ரோகிராம் கணக்கு, மீதியெல்லாம் சேர்மானம். தைராக்ஸினுக்குச் சூடு, வெளிச்சம், ஈரம் மூன்றும் ஆகாது. அது குறைந்தாலும் வெளியே சேர்மானம் அப்படியே வெள்ளையாக உட்கார்ந்திருக்கும், படத்தில் எதுவும் தெரியாது. புதுப் பாட்டில் வாங்கி அலமாரியில் வையுங்கள். உள்ளே இருக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைத் தூக்கிப் போடாதீர்கள். கையை ஈரமாக வைத்துக்கொண்டு பாட்டிலுக்குள் விடாதீர்கள், மூடியில் தட்டி எடுங்கள். அடுத்த தைராய்டு இரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். கூடுதலாக வந்தால், டோஸை ஏற்றுவதற்கு முன் பாட்டில் அடுப்புப் பக்கம் இருந்ததை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.