போக்கர்: கேஷ் கேமுக்கும் டோர்னமென்ட்டுக்கும் எவ்வளவு பணம் ஒதுக்க வேண்டும்?

கேள்வி: "சென்னையில் இருக்கிறேன், அவ்வப்போது கோவா சென்று ஆடுகிறேன். போக்கருக்கென்று 4 லட்சம் தனியாக வைத்திருக்கிறேன். கேஷ் கேமுக்கு 20 பை-இன், டோர்னமென்ட்டுக்கு 100 என்கிறார்களே, ஏன் இந்த வித்தியாசம்? 50/100 பிளைண்டிலிருந்து 100/200-க்கு எப்போது போகலாம்?"

பை-இன் என்பது ஆட்டத்தில் சேரக் கட்டும் தொகை. கேஷ் கேமில் அதை 100 பிக் பிளைண்ட் என்று கொள்கிறேன், 50/100-இல் பெரிய எண்ணான 100 ரூபாய்தான் பிக் பிளைண்ட், அதாவது கட்டாயப் பந்தயம். நீங்கள் சொன்ன இரண்டு எண்களும் ஒரே கணக்கிலிருந்து வருபவை. பணம் முழுவதும் என்றாவது கரைந்துபோகும் வாய்ப்பைத் தோராயமாக e^(−2wB/s²) என்று எழுதலாம். இதில் w என்பது சராசரி லாபம், s என்பது ஏற்ற இறக்கத்தின் அளவு, B என்பது கையிருப்பு. நோ-லிமிட் ஹோல்டம் கேஷ் கேமில் 100 கைகளுக்கு 5 பிக் பிளைண்ட் லாபம் எடுக்கும் நல்ல ஆட்டக்காரருக்கு ஏற்ற இறக்கம் சுமார் 90 பிக் பிளைண்ட் இருக்கும் என்று கொண்டால், 20 பை-இன், அதாவது 2,000 பிக் பிளைண்ட் வைத்திருப்பவர் அனைத்தையும் இழக்கும் வாய்ப்பு சுமார் 8.5% ஆகிறது. 40 பை-இன் இருந்தால் அது ஒரு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடும்.

டோர்னமென்ட்டில் பரிசுத்தொகையின் பெரும்பகுதி முதல் சில இடங்களுக்கே போவதால் s மிகவும் பெரிதாகிறது. 100 பேர் ஆடி, 15 பேருக்குப் பரிசு கிடைத்து, முதலிடத்துக்கு 25 பை-இன் அளவு தொகை வரும் போட்டியில், 20% லாபத்தில் ஆடுபவருக்கும் ஒரு போட்டிக்கான ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 4 பை-இன் இருக்கும். அவர் 100 பை-இன் வைத்திருந்தால்தான், 20 பை-இன் வைத்திருக்கும் கேஷ் ஆட்டக்காரரின் நிலைக்கு அருகில் வருவார். ஆயிரம் பேர் ஆடும் போட்டி என்றால் 300-க்கு மேல் தேவைப்படும்.

நம் நாட்டில் இதற்கு மேலும் ஒரு சுமை இருக்கிறது. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் இணையத்தில் பணம் வைத்து ஆடுவதைத் தடை செய்துவிட்டதால் நேரடி ஆட்டம்தான் மிஞ்சியிருக்கிறது. அதில் வெல்லும் தொகைக்கு 30% வரி உண்டு, தோற்ற தொகையை அதில் கழித்துக்கொள்ளவும் முடியாது. 10,000 ரூபாய்ப் போட்டிகள் நூறில் ஆடி 12 லட்சம் பெற்றவருக்கு உண்மையான லாபம் 2 லட்சம்தான். பரிசு பெற்ற சுமார் 18 போட்டிகளின் நுழைவுக் கட்டணத்தை மட்டும் கழித்தாலும் ஏறத்தாழ 10 லட்சத்துக்கு வரி கணக்காகி, 3 லட்சம் போய்விடுகிறது. கணக்கில் லாபம் காட்டும் ஆட்டக்காரர் கையில் நட்டப்படுகிறார். சராசரியே நட்டமானால் எத்தனை பை-இன் வைத்திருந்தாலும் அது தீரும் நாளைத் தள்ளிப்போடலாமே தவிர, தவிர்க்க முடியாது. ஆகவே உங்கள் நிலையில் டோர்னமென்ட்டை வருமானக் கணக்கில் சேர்க்காமல், பொழுதுபோக்குச் செலவாக மட்டும் வைத்துக்கொள்வதே சரி என்பது என் கருத்து.

இனி பிளைண்டை உயர்த்துவது. 4 லட்சம் என்பது 50/100-இல் 40 பை-இன், 100/200-இல் 20 பை-இன். ஆனால் மேலே ஆட்டக்காரர்களின் தரம் கூடுவதால் உங்கள் லாபம் 5-லிருந்து 2.5-ஆகக் குறையலாம். ஏற்ற இறக்கமோ அப்படியே இருக்கும். அப்போது அதே 20 பை-இன்னுடன் மேலேயே விடாப்பிடியாக இருந்தால் அழிவின் வாய்ப்பு 29% ஆகிவிடும்.

இதற்கு மாற்றாக, கையிருப்பு 3 லட்சத்துக்கு வந்தவுடன் மறுபேச்சின்றிக் கீழே இறங்குவேன், மீண்டும் 4 லட்சம் சேர்ந்த பிறகே அடுத்த முயற்சி என்று முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அந்த 5 பை-இன்னை இழந்து இறங்க நேரும் வாய்ப்பு சுமார் 73%, அதாவது நான்கில் மூன்று முறை இறங்குவீர்கள். ஆனால் கீழே உங்களிடம் 30 பை-இன் இருக்கும், அங்கிருந்து அனைத்தையும் இழக்கும் வாய்ப்பு 2.5% மட்டுமே. இரண்டையும் பெருக்கினால் அந்த ஒரு முயற்சியின் மொத்த அபாயம் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. இறங்குவதைத் தோல்வியாக எண்ணுபவருக்கு இந்த முறை பயன்படாது.

இந்தக் கணக்குகள் எல்லாம் உங்கள் லாப விகிதம் உங்களுக்குத் தெரியும் என்ற அனுமானத்தில் நிற்பவை. நேரடி மேசையில் மணிக்குச் சுமார் 30 கைகள் என்றால் 10,000 கைகளுக்கு 330 மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதன் பிறகும் கிடைக்கும் சராசரியில் 9 பிக் பிளைண்ட் வரை பிழை இருப்பது இயல்பு. எனவே சில நல்ல வார இறுதிகளை வைத்து 5 என்று எழுதாமல் 2 அல்லது 3 என்று எழுதிக் கணக்கிடுங்கள். விமானக் கட்டணத்தையும் விடுதி வாடகையையும் இந்த 4 லட்சத்திலிருந்து எடுக்காதீர்கள், அவற்றுக்கு வேறு கணக்கு வையுங்கள்.